மாவலியும் சீரியல் பல்பும்

எல்லாருக்கும் வணக்கம் பிள்ளைங்களா. அறிவியல் மன்றத்துல டிராயிங் வாத்தியாருக்கு என்ன வேலைன்னு பார்க்கிறீங்க. என் கையில இருக்கிற இந்தக் குட்டி நோட்டுதான் காரணம். முன்வரிசையில இருக்கிறவங்க பாருங்க, கட்டைவிரலால விர்ருன்னு விடுறேன். தேவனாம்பட்டினம் கட்டுமரம் அலை ஏறி இறங்குது, தெரியுதா? நான் வரைஞ்சது இருபத்திநாலு பொம்மை. ஒண்ணுகூட அசையாது.

கார்த்திகைக்கு மாவலி சுத்தியிருப்பீங்க. கரித்தூள் மூட்டை ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் இருக்கு, ஆனா நமக்குத் தெரியறது முழு நெருப்பு வட்டம். பார்த்த வெளிச்சம் கண்ணுல உடனே அணையறதில்ல. இதுக்குப் பேரு பார்வை நிலைப்பு. 1/16 நொடி நிக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கும். அது தோராயக் கணக்கு, வெளிச்சத்தைப் பொறுத்து மாறும்.

பல பேர் இதோட நிறுத்திடுவாங்க. எனக்கு அதுல ஒரு சந்தேகம் உண்டு. மாவலியில நமக்குத் தெரியறது வட்டமா ஒரு கோடு. படமும் அப்படியே கண்ணுல தங்கினா, என் கட்டுமரமும் ஒண்ணுமேல ஒண்ணா அப்பி மைக்கறையாத்தானே தெரியணும்? ஏன் நகருது?

பாடலீஸ்வரர் கோயில் திருவிழாவுல சீரியல் பல்பு ஓடுறதை நினைச்சுப் பாருங்க. எந்த பல்பும் இடம் மாறல. ஒண்ணு அணையுது, பக்கத்துல இருக்கிறது எரியுது. "அதே வெளிச்சம்தான் இங்க வந்துடுச்சு"ன்னு மூளை முடிவு கட்டிடுது. 1912-ல மாக்ஸ் வெர்தைமர்ங்கிற ஜெர்மன் உளவியலாளர் இதை ஆராய்ஞ்சு எழுதினார். கண்ணு இருட்டை மறைச்சுக் கொடுக்கும், நகர்த்துறது மூளை.

சினிமாவும் இதே கதைதான். நொடிக்கு 24 படம். பழைய புரொஜக்டர்ல ஷட்டர் ஒவ்வொரு படத்தையும் ரெண்டு தடவை மறைச்சுக் காட்டும். 48 மினுக்கு வந்தாத்தான் கண்ணு கூசாது. நம்ம நோட்டு அதுக்கும் முன்னாடியே வந்தது: இங்கிலாந்துல ஜான் பார்ன்ஸ் லின்னெட் 1868-ல காப்புரிமை வாங்கிட்டார்.

நான் மொதல்ல செஞ்ச நோட்டு சொதப்பல். பக்கத்துக்குப் பக்கம் படகை ஒரு விரல்கடை தள்ளி வரைஞ்சேன். படகு போகல, தவளை மாதிரி தாவுச்சு. அடுத்தடுத்த படம் கிட்டக் கிட்ட இருந்தாத்தான் மூளை இதுவும் அதுவும் ஒண்ணுன்னு நம்பும். பென்சில் முனை அளவு நகர்த்தினாப் போதும்.

இப்ப ஆளுக்கு இருபத்திநாலு துண்டுத்தாள், ஒரு கிளிப். நொடிக்குப் பன்னெண்டு பக்கம் விட்டா ரெண்டு நொடிப் படம். கடைசித் தாள்ல ஆரம்பிச்சு மேல வாங்க, கீழத் தாள் கோடு நிழலா தெரியும், அதைப் பார்த்து அடுத்ததை வரையலாம். ஓரத்துல, விரல் மறைக்காத இடத்துல வரைங்க. மனுஷன் வேணாம், இன்னைக்குப் பந்து. பந்து தரையில படுற தாள்ல மட்டும் அதைக் கொஞ்சம் சப்பையா வரைஞ்சு பாருங்க. கிளிப் யாருக்கு வரல?