மூன்று நெறிகள்: கருமம், ஞானம், பக்தி

பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம் அருச்சுனனின் முறையீட்டோடு தொடங்குகிறது: செயலைவிட ஞானமே மேலென்றால், இந்தக் கொடிய போரில் என்னை ஏன் இறக்குகிறாய்? நியாயமான கேள்விதான். ஒரு கணமும் எவராலும் செயலற்றிருக்க முடியாது என்கிறான் கண்ணன். விட வேண்டியது செயலையல்ல, பலன்மீதுள்ள பற்றை; இதுவே கரும நெறி. மதிப்பெண்ணை நினைத்து நடுங்காமல் பாடத்தில் மனம் வைப்பதும் இந்த வகைதான்.

ஞான நெறி, உடலும் மனமும் 'நான்' அல்ல என்று ஆராய்ந்து ஆன்மாவை அறிவது. சங்கரர் இதையே முதன்மையாகக் கொண்டார், இராமானுசர் பக்தியை. உருவமற்ற பரம்பொருளைப் பற்றுவது உடலெடுத்தவர்க்குக் கடினம் என்கிறது பன்னிரண்டாம் அத்தியாயம். பக்திக்கோ இலை, பூ, பழம், நீர் போதும் (9:26).

வினா: அருச்சுனன் வில்லைப் போட்டுவிட்டுக் காட்டுக்குப் போயிருந்தால் அது துறவாகுமா? கீதையை ஆதாரமாகக் கொண்டு எழுதுக.