சி.என்.சி. ஆபரேட்டர் ஆட்சேர்ப்பு: நிலைவாரிக் கண்காணிப்புத் தாள், 9 ஆகஸ்ட் 2025

பிரிவு: எந்திரப் பட்டறை, கோயம்புத்தூர் ஆலை. நிரப்ப வேண்டிய இடங்கள்: 24. விண்ணப்பம் பெறத் தொடங்கிய நாள்: 9 ஜூன் 2025. பார்வைக்கு: ஆலை மேலாளர், பட்டறைப் பொறுப்பாளர், மனிதவளத் துறை.

| நிலை | வந்தடைந்தோர் | இப்போது காத்திருப்போர் | இந்நிலையில் நின்றுபோனோர் | முந்தைய நிலையிலிருந்து (%) | முடிவானவர்களில் (%) |
|---|---|---|---|---|---|
| விண்ணப்பம் | 312 | 18 | 107 | – | – |
| பரிசீலனையில் தேறியோர் | 187 | 14 | 52 | 59.9 | 63.6 |
| தொலைபேசி விசாரணையில் தேறியோர் | 121 | 11 | 26 | 64.7 | 69.9 |
| செய்முறைத் தேர்வு எழுதியோர் | 84 | 0 | 45 | 69.4 | 76.4 |
| செய்முறைத் தேர்வில் தேறியோர் | 39 | 4 | 8 | 46.4 | 46.4 |
| பணி ஆணை பெற்றோர் | 27 | 2 | 3 | 69.2 | 77.1 |
| ஆணையை ஏற்றோர் | 22 | 11 | 2 | 81.5 | 88.0 |
| பணியில் சேர்ந்தோர் | 9 | – | – | 40.9 | 81.8 |

காத்திருப்போர் 60, நின்றுபோனோர் 243, சேர்ந்தோர் 9 என மூன்றையும் கூட்டினால் 312 வர வேண்டும். வராத வாரத்தில், யாரோ ஒருவரை இரண்டு நிலைகளில் பதிந்திருக்கிறோம் என்று பொருள். சென்ற மாதம் அப்படி ஒருமுறை நேர்ந்து, அரைநாள் தேடிய பிறகே பிழை பிடிபட்டது.

கடைசி இரு நெடுவரிசைகளும் கீழ்க்கண்டவாறு கணக்கிடப்படுகின்றன.

```
E3: =B3/B2*100
F3: =B3/(B2-C2)*100
```

இன்னும் முடிவு தெரியாதவர்களையும் வகுக்கும் எண்ணில் சேர்ப்பதால் காத்திருப்போர் உள்ள நிலைகளில் முதல் விகிதம் குறைவாகவே தெரியும். அதற்குத் தக்க சான்று கடைசி வரி. ஆணையை ஏற்ற 22 பேரில் 9 பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள், 40.9 விழுக்காடுதான் என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் கவலை தெரிவிக்கப்பட்டது. ஆனால் மீதமுள்ளோரில் 11 பேர் விலகவில்லை. அவர்களில் 6 பேர் ஆடி முடிந்த பிறகே சேர விரும்புவதாக எழுதித் தந்திருக்கிறார்கள். ஆவணி முதல் நாள் 17 ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை என்பதால் 18 ஆகஸ்ட் அவர்களுக்குச் சேரும் நாளாகக் கொடுக்கப்பட்டுள்ளது. 4 பேர் இப்போதுள்ள வேலையில் முன்னறிவிப்புக் காலத்தை முடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் அசல் சான்றிதழுக்காகக் காத்திருக்கிறார். ஜூலையில் ஆணை கொடுத்துவிட்டு அந்த மாதமே ஆளை எதிர்பார்த்தது நம் திட்டத்தின் பிழையே அன்றி, விண்ணப்பதாரர்களின் பிழை அன்று.

உண்மையான இழப்பு செய்முறைத் தேர்வில் இருக்கிறது. அங்கே காத்திருப்போர் எவரும் இல்லாததால் இரு விகிதங்களும் ஒன்றாக, 46.4 ஆக நிற்கின்றன. தேறாத 45 பேரில் 28 பேர் மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. அளவைச் சரியாகப் படிக்க இயலாமலும், 17 பேர் `G54` ஆஃப்செட்டை அமைக்க இயலாமலும் நின்றார்கள். முன்னதை ஆட்கள் இங்கு வந்து, ஒருநாள் கூலியை இழந்து, அதன்பின் கண்டறிய வேண்டியதில்லை. தொலைபேசி விசாரணையின்போதே ஸ்லீவ், திம்பிள் காட்டும் எண்களைச் சொல்லி அளவைக் கேட்டுவிடலாம். பட்டறைப் பொறுப்பாளர் இதற்கான மூன்று கேள்விகளை 12 ஆகஸ்டுக்குள் எழுதித் தர இசைந்திருக்கிறார்.

விண்ணப்பம் வந்த வழியையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு பெரிது.

| வழி | விண்ணப்பம் | தேர்வு எழுதியோர் | தேறியோர் | தேர்ச்சி (%) |
|---|---|---|---|---|
| நம் தொழிலாளர் பரிந்துரை | 58 | 31 | 20 | 64.5 |
| ஐ.டி.ஐ. வளாகம் | 96 | 33 | 13 | 39.4 |
| வேலைவாய்ப்பு இணையதளம் | 158 | 20 | 6 | 30.0 |

இணையதளத்திலிருந்து பாதிக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தும் 6 பேரே தேறினார்கள். ஐ.டி.ஐ. மாணவர்களைப் பற்றி அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம்: டர்னர், மெஷினிஸ்ட் பிரிவுகளில் படித்தவர்களுடன் ஃபிட்டர் பிரிவினரையும் நாம்தான் அழைத்தோம், அவர்களின் எண்ணிக்கை இந்தத் தாளில் தனியாகப் பிரிக்கப்படவில்லை. அடுத்த வாரம் முதல் அதற்கொரு நெடுவரிசை சேர்க்கப்படும்.

பரிசீலனைக்கும் தொலைபேசி விசாரணைக்கும் காத்திருப்போரை விட்டு, முடிவானவர்களின் விகிதத்தை வைத்துக் கணித்தால், சேர்ந்த 9 பேருடன் ஏற்றவர்களிலிருந்து 9 பேர், ஆணைக்குக் காத்திருப்போர், ஆணை பெற்று இன்னும் முடிவு சொல்லாதோர் ஆகிய 6 பேரிலிருந்து ஏறக்குறைய 4 பேர், தேர்வுக்குக் காத்திருக்கும் 11 பேரிலிருந்து 2 பேர் என 24 இடங்களும் மயிரிழையில் நிரம்பும். ஒருவர் மனம் மாறினாலும் இரண்டாம் ஷிப்டில் ஓர் எந்திரம் நிற்கும். எனவே இணைய விளம்பரம் 16 ஆகஸ்ட் முதல் நிறுத்தப்படுகிறது. பரிந்துரை வழியில் மேலும் 15 விண்ணப்பங்கள் கேட்கப்படுகின்றன. தாள் அடுத்து 18 ஆகஸ்ட் மாலை, அன்று சேருவோரின் வருகைப் பதிவு முடிந்தவுடன் புதுப்பிக்கப்படும்.