விடுதியில் தொண்டைத் தொற்று: பெற்றோர்களுக்கு விடுதிக் காப்பாளரின் கடிதம்

27 நவம்பர் 2025, வியாழக்கிழமை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கடந்த பத்து நாட்களில் நம் விடுதியில் 23 பிள்ளைகளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்திருக்கிறது. பாதிக்கப்பட்ட எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் நானே போன் செய்து பேசிவிட்டேன். உங்களுக்கு என்னிடமிருந்து போன் வரவில்லை என்றால், இதை எழுதும் நேரம் வரை உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். இருந்தாலும் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு விதமாகச் செய்தி ஓடுவதால், நடந்ததை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன்.

18ஆம் தேதி எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தொண்டை வலிக்கிறது என்று வந்தாள். மழைக்காலம், சளி பிடித்திருக்கும் என்று நினைத்து வெந்நீர் கொடுத்துப் படுக்கச் சொன்னேன். 20ஆம் தேதி அதே ஹாலில் இன்னும் மூன்று பேர். சனிக்கிழமை எண்ணும்போது ஒன்பது ஆகிவிட்டது. அப்போதுதான் இது சாதாரணச் சளி மாதிரி இல்லையே என்று உறைத்தது. மூக்கு ஒழுகவில்லை, இருமல் இல்லை. 102 டிகிரி காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத வலி, கழுத்தில் நெறி கட்டியிருந்தது. 20ஆம் தேதியே மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். திங்கட்கிழமை வரை பார்த்துக்கொண்டிருந்தது என் தவறு. பிள்ளைகளும் கொஞ்சம் மறைத்தார்கள். காய்ச்சல் என்று சொன்னால் அரையாண்டுத் தேர்வு நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று பயந்தார்களாம்.

24ஆம் தேதி அரசு மருத்துவமனை மருத்துவர் எல்லோரையும் பார்த்தார். ஆறு பேரின் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுத்தார்கள். நேற்று முடிவு வந்தது. நால்வருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருப்பது உறுதியாகியிருக்கிறது. ஐந்து வயது முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்படுவது இது. இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகளாலும், எச்சில் பட்ட டம்ளர், ஸ்பூன் இவற்றாலும் ஒட்டிக்கொள்ளும். கிருமி புகுந்து இரண்டு முதல் ஐந்து நாட்களில் வலி தொடங்கும். அதனால் அடுத்த சில நாட்களில் இன்னும் சிலருக்கு வரலாம். வந்தால் திகைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

23 பேரில் 17 பேருக்கு மருத்துவர் ஆண்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். மற்ற ஆறு பேருக்கு இருமலும் மூக்கடைப்பும் இருக்கிறது. அது வைரஸ் சளி, ஆண்டிபயாடிக் கொடுத்தும் பயனில்லை என்று சொல்லி, பாராசிட்டமாலும் ஓய்வும் போதும் என்றார். "என் பிள்ளைக்கு மட்டும் ஏன் மாத்திரை இல்லை?" என்று இரண்டு பெற்றோர் கேட்டீர்கள். காரணம் இதுதான். பாரபட்சம் எதுவும் இல்லை. 17 பேரில் ஒன்பது பேர் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். எட்டுப் பேர் தனி அறையில் இருக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் ஒரு இரவு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டாள். அவளுடைய அம்மா வந்து கூடவே இருந்தார். இப்போது இட்லி சாப்பிடுகிறாள், சட்னியும் கேட்கிறாள்.

இது தொண்டை அடைப்பான் என்று குழுவில் ஓடும் குரல் பதிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது தொண்டை அடைப்பான் அல்ல. அந்த நோயில் தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஆடை மாதிரி படர்ந்திருக்கும். மருத்துவர் ஒவ்வொரு பிள்ளையின் தொண்டையையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அப்படி யாருக்கும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஆனாலும் இந்தச் சாக்கில் ஒரு வேலை செய்யுங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போடவேண்டிய டிடி தடுப்பூசி உங்கள் மகளுக்குப் போட்டாயிற்றா என்று அட்டையைப் பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். விடுபட்டவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட ஏற்பாடு செய்கிறேன்.

இனி, இங்கே என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். தரைத்தளத்து வாசிப்பு அறையைக் காலி செய்து நோய் அறையாக மாற்றியிருக்கிறோம். அதற்குத் தனிக் கழிவறை உண்டு. ஒரு பிள்ளை ஆண்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரம் ஆகி, காய்ச்சலும் விட்ட பிறகுதான் ஹாலுக்குத் திரும்புவாள். அதற்கு மேல் அவளிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவும் பயம் பெரிதாக இல்லை என்கிறார் மருத்துவர். ஹாலில் கட்டில்களைத் தள்ளிப் போட்டு, ஒருத்தி தலை வைக்கும் பக்கம் அடுத்தவள் கால் வைக்கும்படி மாற்றியாயிற்று. கொசுவுக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்தே வைத்திருந்தோம். இப்போது வலை அடித்துத் திறந்து வைத்திருக்கிறோம். இரவு கொஞ்சம் குளிரும், ஒரு கனமான போர்வை கொடுத்து அனுப்புங்கள்.

உண்மையில் இது பரவிய வழி டம்ளர்தான் என்று நினைக்கிறேன். ஜூன் மாதம் வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், 184 பேருக்குத் தண்ணீர் டிரம் பக்கத்தில் மூன்றே டம்ளர்கள் மிஞ்சியிருந்தன. நம் வீடுகளில் அண்ணாந்து குடிக்கப் பழக்குகிறோம். இங்கே பாட்டிலும் டம்ளரும் வாயில் வைத்துத்தான் குடிக்கிறார்கள், அதையே தோழிக்கும் நீட்டுகிறார்கள். குளியலறையில் ஒரே மக்கில் பத்து டூத் பிரஷ் உரசிக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். பொது டம்ளர்களை எடுத்துவிட்டேன். ஆளுக்கொரு டம்ளர், பெயர் பொறித்தது, செவ்வாய்க்கிழமை முதல் கொடுத்திருக்கிறோம். பாதிக்கப்பட்டவர்களுக்குப் புது பிரஷ் வாங்கிக் கொடுத்தாயிற்று. மெஸ் பாத்திரங்களைக் கழுவியபின் கொதிநீரில் போட்டு எடுக்கிறார்கள். சமையல் அக்காக்களில் ஒருவருக்குத் தொண்டை கரகரப்பு இருந்ததால், சம்பளம் பிடிக்காமல் ஐந்து நாள் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறோம்.

தண்ணீர்த் தொட்டியைக் கழுவினீர்களா என்று பலர் கேட்டீர்கள். கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்று. நல்ல காரியம்தான், ஆனால் அதனால் மட்டும் இது நிற்காது. சாப்பாட்டுக்கு முன்னும், மூக்குச் சிந்திய பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் இதற்கு உதவும். அதனால் தினமும் சாப்பாட்டு வரிசையின் தலையில் நானே சோப்போடு நிற்கிறேன். என்னைப் பார்த்ததும் இரண்டு முறை கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மருந்து விஷயத்தில் உங்களிடம் ஒரு கண்டிப்பான வேண்டுகோள். எழுதிக் கொடுத்த ஆண்டிபயாடிக்கைப் பத்து நாளும் முழுதாகச் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாளே வலி போய்விடும், காய்ச்சல் இருக்காது. அப்போது நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. கிருமி முழுதாகப் போகாவிட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து சிலருக்கு மூட்டுவாதக் காய்ச்சல் வரும், அது இதய வால்வைப் பாதிக்கக்கூடியது. அடுத்த புதன்கிழமை திருக்கார்த்திகை. அதற்குப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போக நினைத்திருப்பீர்கள். 24ஆம் தேதி இரவு தொடங்கியவர்களுக்கே டிசம்பர் 4 வரை மாத்திரை இருக்கிறது, பின்னால் தொடங்கியவர்களுக்கு அதற்கு மேலும் இருக்கிறது. அழைத்துப் போனால் மீதி மாத்திரையையும் நேரம் எழுதிய சீட்டையும் ஒரு கவரில் கொடுத்து அனுப்புவேன். பொரி உருண்டைக்கு நடுவில் அது மறந்துபோகக் கூடாது. திரும்பி வரும்போது காலி அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

போன வாரம் பார்க்க வந்தவர்களில் சிலர் மருந்துக் கடையில் வாங்கிய அசித்ரோமைசின் மாத்திரையைப் பிள்ளை பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அக்கறை புரிகிறது. ஆனால் ஒரே பிள்ளைக்கு இரண்டு இடத்திலிருந்து மருந்து போனால் என்ன கொடுத்தோம் என்று எங்களுக்கே தெரியாது. தயவுசெய்து எந்த மாத்திரையானாலும் அலுவலகத்தில் கொடுங்கள். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், பிள்ளைகளுக்கு அது ஆகாது. சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறேன், தொண்டைக்கு இதமாக இருக்கும். மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரையோடு. இங்கே தினம் மூன்று வேளை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வைக்கிறோம். கஞ்சி, ரசம் சாதம், இட்லி, இரவில் மஞ்சள் மிளகுப் பால். மிக்சரும் முறுக்கும் இந்த வாரம் வேண்டாம், விழுங்கும்போது குத்தும்.

நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. உங்கள் மகளுக்கு இதற்கு முன் பென்சிலின் வகை மருந்தால் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால், இன்றே தெரிவியுங்கள். அப்படி ஒரு தாய் போனில் சொன்னதால்தான் அந்தப் பிள்ளைக்கு மருத்துவர் வேறு மருந்து கொடுத்தார். இதயத்தில் ஏதாவது கோளாறு இருந்தாலோ, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடும் பிள்ளையாக இருந்தாலோ, சேர்க்கைப் படிவத்தில் எழுதாமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, இப்போது சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருபவர்கள், நோய் அறைக்குள் போகாமல் வராந்தாவில் ஜன்னல் வழியாகப் பேசுங்கள். பழனி, தாராபுரம் பக்கமிருந்து பஸ் மாறி வருகிறவர்களுக்கு இது வருத்தமாக இருக்கும் என்று தெரியும். தம்பி தங்கைகளை மட்டும் இந்த முறை வீட்டிலேயே விட்டு வாருங்கள். நன்றாக இருக்கும் பிள்ளையைப் பயந்துபோய் அழைத்துச் செல்வதில் லாபம் எதுவும் இல்லை. கிருமி ஏற்கெனவே உள்ளே இருந்தால் உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் போகும். அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் வாருங்கள், தடுக்க மாட்டேன். வருகைப் பதிவில் மருத்துவ விடுப்பு என்றே குறிக்கப்படும். தேர்வு நாளில் காய்ச்சல் இருந்தால் பிறகு எழுத வைப்பதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு அழைத்துப் போனவர்களும், குணமான பிள்ளைகளின் பெற்றோரும் அடுத்த மூன்று வாரம் கவனியுங்கள். மூட்டு ஒன்று மாற்றி ஒன்று வீங்கி வலித்தாலோ, படி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ, சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போனாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எச்சில் வழிந்தும் விழுங்க முடியாமலோ, வாய் திறக்க முடியாமலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ அது இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். இங்கே அப்படி நடந்தால் விடுதி வண்டியும் நானும் தயாராக இருக்கிறோம், 108-ஐயும் அழைப்போம்.

தினமும் மாலை 6 மணிக்கு அன்றைய எண்ணிக்கையைக் குழுவில் போடுகிறேன், கூடினாலும் குறைந்தாலும். பிள்ளைகளின் பெயரை அங்கே போடமாட்டேன், நீங்களும் போட வேண்டாம். போனில் பேச வேண்டுமானால் இரவு 7 முதல் 8.30 வரை கூப்பிடுங்கள். எண் கட்டண ரசீதின் பின்பக்கத்தில் இருக்கிறது. பகலில் நான் எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், மருந்து கொடுக்கும் நேரமாக இருக்கும்.

இப்படிக்கு,
விடுதிக் காப்பாளர்,
மாணவியர் விடுதி