முதல் பட்டதாரி சான்றிதழ்: விண்ணப்ப எண் TN-7202506041873

வணக்கம் மேடம்.

நான் மேலத்தெரு முருகேசன், கொத்தனார் வேலை பார்க்கிறேன். நேற்று மதியம் அலுவலகம் வந்திருந்தேன். ஜமாபந்தி வேலையாக நீங்கள் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். கேட்க வேண்டியதை எழுதிக் கேளுங்கள் என்று உங்கள் பக்கத்து சீட்டு அய்யாதான் இந்த எண்ணைக் கொடுத்தார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மகள் கவிதாவுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் கேட்டு, ஜூன் 4-ஆம் தேதி இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். விண்ணப்ப எண் TN-7202506041873. ரசீதையும் போட்டோ எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன்.

வி.ஏ.ஓ. அய்யா 9-ஆம் தேதியே விசாரித்துப் பரிந்துரை செய்துவிட்டார். அதன்பிறகு எப்போது பார்த்தாலும் ஆர்.ஐ. நிலையில் நிலுவை என்றே காட்டுகிறது. நிராகரிக்கவும் இல்லை, கூடுதல் ஆவணம் வேண்டும் என்று மெசேஜும் வரவில்லை. கோப்பில் ஏதாவது குறை இருக்கிறதா, இல்லை வரிசைப்படி காத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா மேடம்?

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ரேஷன் கார்டில் மூத்த மகன் பெயரும் இருக்கிறது. அவனும் படித்தவன்தானே என்று எங்கேயாவது நின்றிருக்குமோ என்று தோன்றுகிறது. அவன் பத்தாவதுக்கு அப்புறம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தான், அவ்வளவுதான். கல்லூரிப் பக்கம் போகவில்லை. அப்பா வழியிலும் சரி, அம்மா வழியிலும் சரி, தாத்தா பாட்டி காலத்திலிருந்து எங்கள் வீட்டில் டிகிரி முடித்தவர் யாரும் கிடையாது. அவனுடைய ஐ.டி.ஐ. சான்றிதழை விண்ணப்பத்தோடு ஏற்றியிருக்கிறோம். போட்டோ தெளிவாக இல்லையென்றால் அசலையே கொண்டுவந்து காட்டுகிறேன். உறுதிமொழிக் கடிதம் வேண்டுமென்றாலும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அவசரப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு மற்ற சான்றிதழ்கள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. இது ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்தால் சேர்த்துவிடலாம் என்று சரிபார்ப்பு மையத்தில் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். அது இல்லாமல் முழுப் பணமும் கட்ட எங்களால் முடியாது மேடம்.

ஆர்.ஐ. அய்யாவை நேரில் பார்க்க வேண்டும் என்றால் அவர் எந்த நாள், எத்தனை மணிக்கு அலுவலகத்தில் இருப்பார் என்று மட்டும் சொல்லுங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். நாளைக்கு ஒரு வீட்டில் கான்கிரீட் போடுகிறோம், அதனால் பகலில் போன் எடுக்க முடியாது. இதிலேயே ஒரு வரி போட்டால் போதும், இடைவேளையில் பார்த்துக்கொள்வேன். ஒப்புதல் ஆகிவிட்டால் சான்றிதழை நானே இ-சேவை மையத்தில் எடுத்துக்கொள்கிறேன், அதற்காக உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

நன்றி மேடம்.

மு. முருகேசன்
(விண்ணப்பதாரர் மு. கவிதாவின் அப்பா)
17.06.2025