கிரகித்தல்: மையக்கருத்தும் உட்பொருளும் (தரம் 8)

பிள்ளைகளே, கீழே இருப்பதை முதலில் ஒரு தடவை நிறுத்தாமல் வாசியுங்கள். பேனையைத் தொட வேண்டாம். இரண்டாவது தடவை வாசிக்கும்போது, மனதில் தங்கிய வசனங்களுக்கு அடியில் கோடு போடுங்கள்.

பழைய துறை

மண்முனைப் பாலம் 2014 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்கள் மட்டக்களப்பு நகருக்குப் போக, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் பாதைக்காகத் துறையில் காத்திருப்பார்கள். விடியுமுன்னே தயிர்ச்சட்டிகளோடு வரும் எங்கள் அம்மம்மாவும் அந்த வரிசையில் நிற்பா. மாரியில் காற்று எழும்பினால் பாதை ஓடாது. அன்று சட்டிகள் அப்படியே வீடு திரும்பும். நோயாளியைக் கொண்டு வந்தவர்கள் அக்கரையைப் பார்த்தபடி நிற்பார்கள்.

இப்போது மாமா சட்டிகளை மோட்டார் சைக்கிளில் கட்டி, ஏழு மணிக்குள் சந்தையில் இறக்கிவிடுகிறார். அம்மம்மாவுக்குத் துறையில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் பின்னேரங்களில் அங்கே போய் இருப்பா. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பாதையில நிண்டாத்தான் மனே, மற்ற ஊர்ச் சனத்தின்ட சுகதுக்கம் தெரியும்" என்றா. அந்த நேரம் பாலத்தில் ஒரு பஸ் போனது. அம்மம்மா கையை உயர்த்தினா. பஸ்ஸில் இருந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மையக்கருத்தைக் கண்டுபிடிப்போம்

"இது எதைப் பற்றியது?" என்று கேட்டால் "பாலத்தைப் பற்றியது" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அது தலைப்பொருள் மட்டும்தான். பாலத்தைப் பற்றி எழுதியவர் என்ன சொல்கிறார் என்பதே மையக்கருத்து. அதை ஒரு முழு வசனமாகத்தான் எழுத முடியும்.

மூன்று விடைகளைப் பாருங்கள்.

அ. அம்மம்மா தயிர் விற்று வாழ்ந்தா.
ஆ. பாலம் வந்ததால் பயணம் இலகுவானது.
இ. பாலம் மக்களின் கஷ்டத்தைத் தீர்த்தது. ஆனால் பாதையில் கூடி நின்று பழகிய பழக்கம் அதோடு போய்விட்டது.

'அ' ஒரு தகவல். தயிருக்குப் பதிலாக அம்மம்மா மரக்கறி விற்றிருந்தாலும் கதை மாறாது. 'ஆ' பிழையில்லை; பலர் அதைத்தான் எழுதுவார்கள். ஆனால் அந்த விடையோடு நின்றால், அம்மம்மா பின்னேரம் துறைக்குப் போவது எதற்கு? இரண்டாம் பந்தியில் பெரும்பகுதி அந்த விடைக்குள் அடங்கவில்லை. எல்லா வசனங்களுக்கும் இடம் கொடுப்பது 'இ' மட்டுமே. உங்கள் விடையையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும்: பந்தியில் எந்த வசனம் அதற்கு வெளியே நிற்கிறது என்று தேடுங்கள்.

'ஆனாலும்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? எழுதியவர் பேச்சைத் திருப்பும் இடம் அது. 'ஆனால்', 'இருந்தும்', 'ஆகவே' போன்ற சொற்கள் வரும்போது கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்.

சொல்லாததை அறிவோம்

"அன்று சட்டிகள் அப்படியே வீடு திரும்பும்." இதில் காசைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் அன்று வருமானம் இல்லை என்பது நமக்கு விளங்குகிறது. விற்கக் கொண்டு போனது விற்கப்படவில்லை என்று பந்தி சொல்கிறது. விற்காவிட்டால் காசு வராது என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் உட்பொருள் பிறக்கிறது.

சரி, "நோயாளியைக் கொண்டு வந்தவர்கள் அக்கரையைப் பார்த்தபடி நிற்பார்கள்" என்பதை எடுப்போம். போக வேண்டிய ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது, அவர்கள் தவித்தார்கள் என்று சொல்லலாம். "நோயாளி இறந்துவிட்டார்" என்று எழுதலாமா? கூடாது. அப்படி நடந்திருக்கலாம்தான். ஆனால் அதைக் காட்ட பந்தியில் ஒரு வரியும் இல்லை. விரல் வைத்துக் காட்ட வரி இல்லையென்றால் அது வெறும் ஊகம். அதற்குப் புள்ளி கிடைக்காது.

இப்போது நீங்கள்

ஒவ்வொரு விடைக்கும் கீழே, அதற்கு ஆதாரமான வரியை அப்படியே எழுதுங்கள்.

1. பாதைக்குக் காத்திருந்தவர்கள் ஒரே ஊரைச் சேர்ந்தவர்களா?
2. "அம்மம்மாவுக்குப் பாலம் வந்தது பிடிக்கவில்லை." இது சரியான உட்பொருளா, ஊகமா?
3. பஸ்ஸைப் பார்த்து அம்மம்மா கையை உயர்த்தியது ஏன்?
4. இரண்டாம் பந்தியின் மையக்கருத்தைப் பதினைந்து சொற்களுக்குள் எழுதுங்கள்.

இரண்டாம் வினாவைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசி எழுதுங்கள். விடை ஒத்துப்போகாவிட்டால் இருவரும் தங்கள் வரியைக் காட்டுங்கள். மூன்றாம் வினாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் வரலாம். ஆதாரத்தோடு வரும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வேன்.

வீட்டு வேலை: ஒரு காலத்தில் பாதையிலோ தோணியிலோ வாவியைக் கடந்த ஒருவரிடம் கேட்டு, ஒரு பந்தி எழுதி வாருங்கள். மையக்கருத்தை வெளிப்படையாக எழுத வேண்டாம். நாளை வகுப்பில் மற்றவர்கள் அதைக் கண்டுபிடிக்கட்டும்.