பல்லடம் குடோன் ஒப்பந்தம்: எக்ஸ்ட்ரா வேலை, கால நீட்டிப்பு, எல்.டி. எனும் தாமத அபராதம் பற்றிய சுருக்கம்

தேதி: 3 நவம்பர் 2025, திங்கள்

அண்ணா, வணக்கம்.

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன ஒப்பந்தம், பி.ஓ.க்யூ. எனும் அளவு, ரேட் பட்டியல், சைட் ரிஜிஸ்டர், மெயில்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். நீங்கள் கேட்டது க்ளாஸ் 12, 15, 16 மூன்றும் என்ன சொல்கின்றன என்று. அதற்கு முன் அவசரம் ஒன்று: இந்த வாரம் உங்களுக்கு இரண்டு கெடு முடிகிறது. மழைக்கான நோட்டீஸ் புதன்கிழமை (5-ஆம் தேதி), மெசனைன் எனும் இடைத்தளத்துக்கான ரேட் வியாழக்கிழமை (6-ஆம் தேதி). மெசனைனுக்காக வேலை நின்றதற்கான நோட்டீஸுக்கு 10-ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது. மூன்றையும் சேர்த்து புதன்கிழமைக்குள் ஒரே மெயிலாக அனுப்பிவிடுங்கள். மெயில் வாசகத்தைக் கடைசியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடிப்படைக் கணக்கு இது. ஒப்பந்த மதிப்பு ஜி.எஸ்.டி. தவிர்த்து ₹1,84,00,000. சைட் கைக்கு வந்தது 24 மார்ச் 2025. 10 மாதம். அதாவது 23 ஜனவரி 2026 வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும்.

எக்ஸ்ட்ரா வேலை (க்ளாஸ் 12)

ஆர்க்கிடெக்ட் எழுத்தில் சொன்னால்தான் அது எக்ஸ்ட்ரா. ஓனர் சைட்டுக்கு வந்து வாயால் சொன்னால், 7 நாளுக்குள் நீங்கள் அதை எழுதி ஆர்க்கிடெக்டுக்கு அனுப்ப வேண்டும். அடுத்த 7 நாளில் அவர் மறுக்காவிட்டால் அது எழுத்து உத்தரவாகவே கணக்காகும். வாட்ஸ்அப் இதில் செல்லாது. க்ளாஸ் 20-ல் பதிவுத் தபாலும், அங்கே குறிப்பிட்ட இரண்டு மெயில் முகவரிகளும் மட்டும்தான் இருக்கின்றன.

மெசனைன் போடச் சொல்லி ஓனர் 6 அக்டோபர் அன்று வாயால்தான் சொன்னார். நீங்கள் எதுவும் எழுதவில்லை. நல்ல வேளை, 9-ஆம் தேதி ஆர்க்கிடெக்ட் மெசனைன் சேர்த்த திருத்திய டிராயிங்கை மெயிலில் அனுப்பியிருக்கிறார். க்ளாஸ் 12.1 "டிராயிங் மூலமாகவோ கடிதம் மூலமாகவோ" என்று சொல்வதால் அந்த மெயிலே உத்தரவு. அதை அழித்துவிடாதீர்கள், பிரிண்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். அதிலிருந்து 28 நாளுக்குள் உங்கள் ரேட்டைக் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமைக் கெடு அப்படி வருவதுதான்.

ரேட் போடுவதில் மூன்று படி இருக்கிறது. பி.ஓ.க்யூ.வில் உள்ள ஐட்டம் என்றால் அதே ரேட். அதை ஒட்டிய ஐட்டம் என்றால் அதிலிருந்து வருவிக்கும் ரேட். இரண்டும் இல்லாவிட்டால் பொருள், கூலி, மிஷின் செலவுக்கு மேல் 15 சதவீதம். இதற்குள் ஒரு விஷயம் பதுங்கியிருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: ஒரு ஐட்டத்தின் அளவு பி.ஓ.க்யூ. அளவில் 125 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்குப் புது ரேட் கேட்கலாம்.

உங்கள் ஸ்டீல் ஃபேப்ரிகேஷனைப் பாருங்கள். பி.ஓ.க்யூ.வில் 9,200 கிலோ, கிலோ ₹112. மெசனைனுக்கு இன்னும் 6,400 கிலோ. 125 சதவீதம் என்பது 11,500 கிலோ. ஆக எக்ஸ்ட்ராவில் 2,300 கிலோ பழைய ரேட்டிலும், மிச்சம் 4,100 கிலோ புது ரேட்டிலும் வரும். உங்கள் ஃபேப்ரிகேட்டர் கொட்டேஷனை வைத்து ₹128 போட்டால், ஸ்டீலுக்கு மட்டும் ₹7,82,400. எல்லாவற்றையும் ₹112-லேயே பில் போட்டிருந்தால் ₹65,600 கையை விட்டுப் போயிருக்கும். டெக் ஷீட் பி.ஓ.க்யூ.வில் இல்லை, 120 சதுர மீட்டர், செலவு ₹1,000, மேலே 15 சதவீதம் சேர்த்து ₹1,38,000. மேல் கான்கிரீட் 12 கன மீட்டர், இருக்கிற ரேட் ₹7,500 படி ₹90,000. மொத்தம் ₹10,10,400.

வேலையைக் குறைத்தாலும் ஓனர் நஷ்டஈடு தர வேண்டியதில்லை. ஆனால் குறைத்த வேலையை இன்னொரு கான்ட்ராக்டருக்குக் கொடுக்கக்கூடாது என்று 12.5-ல் இருக்கிறது. காம்பவுண்ட் சுவரை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது என்றீர்களே, அதை நினைவில் வையுங்கள்.

கால நீட்டிப்பு (க்ளாஸ் 15)

நாள் கிடைக்கும் காரணங்கள் முக்கியமாக நான்கு: எக்ஸ்ட்ரா வேலை, நீங்கள் கேட்டு 10 நாளுக்கு மேல் டிராயிங் தாமதமாவது, சைட்டை ஒப்படைப்பதில் தாமதம், அசாதாரண மழை. அரசு உத்தரவையும் சேர்த்திருக்கிறார்கள், உங்களுக்கு அது இப்போது தேவையில்லை. ஆள் பற்றாக்குறை, கம்பி விலை ஏற்றம், வழக்கமான பருவமழை ஆகியவற்றுக்கு நாள் கிடையாது என்று 15.3 முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறது.

தாமதம் தொடங்கிய 14 நாளுக்குள் நோட்டீஸ், 28 நாளுக்குள் விவரம். ஆர்க்கிடெக்ட் 21 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அவர் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகாது. நோட்டீஸ் தராவிட்டால் உரிமை போய்விடும் என்றும் 15.7-ல் எழுதியிருக்கிறார்கள். கெடு முடிந்தால் உரிமையே அழிந்துவிடும் என்கிற ஷரத்து செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 28-ஆம் பிரிவை வைத்து வாதாட இடம் உண்டு. ஆனால் அது மத்தியஸ்தம் வரை போன பிறகு வக்கீல் பேச வேண்டிய பேச்சு. அதை நம்பிக்கொண்டு நோட்டீஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

மெசனைன்: தூண் டிராயிங் மாறியதால் 27 அக்டோபர் முதல் கூரை ஷீட் வேலை நிற்கிறது. கூரை முடியாமல் தரை வேலை தொடங்க முடியாது, அதனால் இது கடைசித் தேதியை நேராகத் தள்ளுகிறது. உங்கள் சூப்பர்வைசர் போட்ட கணக்கு 26 நாள், நியாயமாகத்தான் இருக்கிறது.

மழை: ஒரே நாளில் 64.5 மி.மீ. அல்லது அதற்கு மேல், பக்கத்து அரசு மழைமானியில் பதிவாகியிருக்க வேண்டும் என்கிறது 15.2. வானிலைத் துறை கனமழை என்று சொல்லத் தொடங்கும் அளவும் அதுதான். காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்துக்குத்தான் அளவு எடுப்பார்கள். முந்தைய நாள் சாயங்காலம் கொட்டிய மழை மறுநாள் தேதியில் இருக்கும். 22 முதல் 25 அக்டோபர் வரை வேலை நின்றதாக ரிஜிஸ்டரில் இருக்கிறது. அந்த நாட்களின் அளவை மாவட்ட நிர்வாகத்தின் மழைப் பட்டியலில் எடுத்து, 64.5 தாண்டிய நாட்களை மட்டும் கேளுங்கள். 22-ஆம் தேதிப் பக்கத்தில் மேஸ்திரி "மழை, தீபாவளிக்குப் போன ஆளும் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார். அந்த நாளைத் தர மறுப்பார்கள். அதற்காக ரிஜிஸ்டரில் கை வைக்கக்கூடாது. ஒரு வரி திருத்தினால் மொத்தப் புத்தகத்தையும் நம்ப மாட்டார்கள்.

ட்ரஸ் டிராயிங்: ஜூன் 2-ல் கேட்டீர்கள், 12-க்குள் வந்திருக்க வேண்டும், 28-ல்தான் வந்தது. 16 நாள் தாமதம். அப்போது நோட்டீஸ் தரவில்லை, அதனால் க்ளாஸ் 15 படி நாள் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் மெயிலில் பதிவு செய்யுங்கள். ஓனர் தரப்பே உண்டாக்கிய தாமதத்துக்கு அவர் அபராதம் பிடிக்கிறார் என்று பின்னால் எதிர்க்க அது உதவும்.

நீட்டிப்பு கிடைத்தாலும் சும்மா நின்ற ஆளுக்கோ மிஷினுக்கோ காசு கிடையாது, 15.6. கையெழுத்துப் போடும் முன் பேசியிருக்க வேண்டிய ஷரத்து அது.

எல்.டி. (க்ளாஸ் 16)

வாரத்துக்கு, அல்லது வாரத்தின் பகுதிக்கு, 0.5 சதவீதம். உச்சவரம்பு 5 சதவீதம். "பகுதி" என்ற ஒரு சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்: ஒரு நாள் தாமதித்தாலும் முழு வாரம். சதவீதம் எதன் மீது என்றால், எக்ஸ்ட்ரா சேர்ந்த இறுதி மதிப்பின் மீது. ₹1,84,00,000-க்கு வாரம் ₹92,000 ஆக இருந்தது, மெசனைன் சேர்ந்து மதிப்பு ₹1,94,10,400 ஆனதும் ₹97,052 ஆகிவிடும். அவர்கள் வேலையைக் கூட்டினால் உங்கள் அபராதமும் கூடுகிறது, நாள் மட்டும் தானாகக் கூடாது.

பிப்ரவரி 27-க்குள் முடித்துவிடலாம் என்கிறீர்கள். நீட்டிப்பே இல்லாவிட்டால் அது சரியாக 5 வாரம், ₹4,85,260. 28-ஆம் தேதி ஆனால் 6 வாரம். மெசனைனுக்கு 26 நாள் கிடைத்தால் கடைசித் தேதி பிப்ரவரி 18. மிச்சம் 9 நாள், அதாவது 2 வாரம், ₹1,94,104. அதோடு மழைக்கு 2 நாள் கிடைத்தாலே மிச்சம் 7 நாள் ஆகி, ஒரு வாரத்தோடு நிற்கும். அந்த 2 நாளின் மதிப்பு ₹97,052. மழைப் பட்டியலுக்கு ஒருத்தரை அனுப்பச் சொல்வது இதனால்தான்.

அபராதத்தை இடைக்கால ஆர்.ஏ. பில்லிலோ, பிடித்து வைக்கும் 5 சதவீத ரிடென்ஷனிலோ பிடித்துக்கொள்ளலாம். 5 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கவும் ஓனருக்கு உரிமை வருகிறது.

சட்டம் முழுக்க அவர் பக்கம் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி எழுதிய தொகை உச்சவரம்புதான், கிடைப்பது நியாயமான ஈடு. நஷ்டத்தை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபிக்கத்தான் வேண்டும் என்று 2015-ல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குடோன் தாமதத்தின் நஷ்டம் பெரும்பாலும் வாடகை. ஓனர் இப்போது வேறு குடோனுக்கு மாதம் ₹1,10,000 கொடுக்கிறார் என்று நீங்களே சொன்னீர்கள். ஒரு வார எல்.டி.யே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வருகிறது. கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் பணம் அவர் கையில் இருக்கிறது, அலைய வேண்டியது நீங்கள்.

இன்னொன்று. நீட்டிப்புக் கடிதத்தில் "எல்.டி. பிடிக்கும் உரிமைக்குப் பாதகமின்றி" என்று ஒரு வரி வந்தால், வேலையைத் தொடரலாம் என்றுதான் அர்த்தம், அபராதம் போய்விட்டது என்று இல்லை. 55-ஆம் பிரிவுப்படி, தாமதமான வேலையை ஏற்கும்போது ஈடு கேட்பேன் என்று அறிவிக்காவிட்டால் பின்னால் கேட்க முடியாது. அந்த வரியைப் போடுவது அதற்காகத்தான். அப்படி வந்தால் அன்றே ஆட்சேபித்து மெயில் போடுங்கள்.

அனுப்ப வேண்டிய மெயில், க்ளாஸ் 20-ல் உள்ள இரண்டு முகவரிக்கும். தமிழிலேயே அனுப்பலாம், மொழிக்குக் கட்டுப்பாடு இல்லை:

"ஐயா, வணக்கம். தங்கள் 9 அக்டோபர் 2025 மெயிலில் வந்த திருத்திய டிராயிங்கை க்ளாஸ் 12.1-ன் கீழ் எக்ஸ்ட்ரா வேலைக்கான உத்தரவாக ஏற்றுச் செய்து வருகிறோம். இதற்கான எங்கள் ரேட் மொத்தம் ₹10,10,400, ஜி.எஸ்.டி. தனி, ரேட் அனாலிசிஸ் இணைப்பில் உள்ளது. இந்த மாற்றத்தால் 27 அக்டோபர் முதல் கூரை வேலை நிற்கிறது. க்ளாஸ் 15-ன் கீழ் 26 நாள் நீட்டிப்பு கோருகிறோம். 22 முதல் 25 அக்டோபர் வரை மழையால் வேலை நின்றதற்கும் இதையே நோட்டீஸாகக் கொள்ளவும். மழையளவுப் பதிவுடன் நாட்களின் விவரத்தை க்ளாஸ் 15-ன் 28 நாள் கெடுவுக்குள் தருகிறோம். ட்ரஸ் டிராயிங் ஜூன் 12-க்குப் பதில் ஜூன் 28-ல் கிடைத்ததையும் பதிவு செய்கிறோம். இந்தத் தாமதங்களுக்கு க்ளாஸ் 16-ன் கீழ் பிடித்தம் செய்வதை ஏற்கவில்லை. 21 நாளுக்குள் தங்கள் முடிவைத் தெரிவிக்கவும்."