மாரி, அந்த போட்டோவ எடுத்துட்டேன்

மாரி, நேத்து நைட்டு கிளாஸ் குரூப்ல உன் போட்டோ போட்டு "யூலர் அண்ணே, பாலம் தாண்டிட்டீங்களா"ன்னு எழுதினது நான்தான். இப்பதான் எல்லாருக்கும் சேத்தே டெலீட் பண்ணேன். ஆனா மறைக்காம சொல்லிடறேன், எடுக்குறதுக்கு முன்னாடி இன்ஃபோ பாத்தேன், 62 பேர்ல 47 பேர் பாத்துட்டாங்க, ஒருத்தன் அத ஸ்டிக்கர் வேற ஆக்கிட்டான். அவன்கிட்ட போன் பண்ணி பேசிட்டேன், எடுத்துட்டேன்னு சொன்னான். வேற யார் யார் போன்ல இருக்குன்னு எனக்கு தெரியாதுடா.

சும்மா ஜாலிக்கு பண்ணேன்னு சொல்லலாம்னு முதல்ல டைப் பண்ணேன், அழிச்சுட்டேன். ஜாலி இல்ல. திங்கக்கிழம என் செமினார்ல நான் பிபிடிய அப்படியே படிச்சேன்ல, மேம் பாதியிலயே உக்காரச் சொல்லிட்டாங்க. நீ நேத்து ஒரு பிபிடியும் இல்லாம சாக்பீஸ எடுத்து கோனிக்ஸ்பெர்க் ஆத்த போர்டுல வரைஞ்ச, நாலு நிலம், ஏழு பாலம், ஒரு நிலத்துல அஞ்சு பாலம் வந்து சேருது மத்த மூணுலயும் மும்மூணு, நடுவுல வர்ற நிலத்துக்கு உள்ள போக ஒண்ணு வெளிய வர ஒண்ணுன்னு ஜோடியா வேணும், இங்க நாலுமே ஒத்தப்படை, அதனால எல்லா பாலத்தையும் ஒரே ஒரு தடவ மட்டும் நடந்து முடிக்கவே முடியாதுன்னு. எனக்கு கிராஃப் தியரில புரிஞ்ச ஒரே விஷயம் அதான். மேம் கை தட்டினாங்க. எனக்கு எரிஞ்சுச்சு. அவ்ளோதான் விஷயம்.

அப்புறம், அந்த பாலக் கணக்க தீத்தவரு பேர நீ "யூலர்"னு சொன்னது. இங்கிலீஷ்ல எழுதியிருக்கிறத பாத்தா எவனும் அப்படித்தான் படிப்பான். ஆய்லர்னு சொல்லணும்னு எனக்கு மட்டும் என்ன பொறக்கும்போதேவா தெரியும், முந்தாநாள் யூடியூப்ல பாத்ததுதான்! நீ பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம்னு தெரிஞ்சே அத புடிச்சு கிண்டல் பண்ணேன் பாரு, அதுதான் இப்ப நெனச்சா ரொம்ப அசிங்கமா இருக்கு. காலைல நீ மெஸ்ஸுக்கு வரல, லேப்லயும் கடைசி டேபிள்ல போய் உக்காந்த, அப்பதான் எனக்கு உறைச்சுது.

குரூப்ல எல்லார் முன்னாடியும் சாரி சொல்ல நான் ரெடி. ஆனா உன்ன கேக்காம போட்டா மறுபடியும் எல்லாரும் அதையே பேசுவாங்களோன்னு நிறுத்தி வெச்சிருக்கேன். போடணும்னா ஒரு வார்த்த சொல்லு, வேணாம்னா விட்டுடறேன். எனக்கு ரிப்ளை பண்ணணும்னு இல்ல, திட்டணும்னாலும் திட்டு. யாராவது மறுபடியும் அந்த பேர சொல்லி உன்ன கூப்ட்டா நான் அங்க இருந்தா கேப்பேன், இல்லன்னா எனக்கு சொல்லு. மேம்கிட்ட சொல்லணும்னு நீ நெனச்சாலும் சொல்லிடு, நான் ஒத்துக்கிறேன்.

சாரிடா மாரி.

போன வாரம் உன்கிட்ட வாங்கின லேப் ரெக்கார்டு என்கிட்டதான் இருக்கு. நேத்து அந்த போஸ்ட் போடும்போதும் என் டேபிள் மேலதான் கெடந்துச்சு. நாளைக்கு சப்மிட் பண்ணணும்ல, உன் ரூம்மேட்கிட்ட குடுத்துட்டேன்.